பதினொன்று பத்துக்குப் போகாத பதிவு

கட்டுமானப் பொறியாளர்கள் மாநாட்டில், மேடையில் பேசுவதை உடனுக்குடன் இணையத்தில் போடுவது என் வேலை. பேசியவர், அவர் சொன்ன ஒரு வரி, அடுத்த அமர்வின் நேரம், அரங்கு எண். அவ்வளவுதான்.

எங்கள் மேலாளருக்கு அதற்குக்கூடப் பொறுமை கிடையாது. பேச்சாளர்கள் முன்கூட்டியே அனுப்பிய ஸ்லைடுகளிலிருந்து வரிகளைப் பிடுங்கி, தானாகவே போகும்படி நேரம் குறித்து வைத்திருந்தார். காலையில் அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாலம் கட்டும் பொறியாளர் அம்மா ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். மேலாளர் என் பின்னால் வந்து நின்றார்.

"பதினொன்று பத்துக்குப் போக வேண்டியது ஏன் போகல?"

"அவங்க இன்னும் அதைச் சொல்லல சார்."

"‘இந்தக் கான்கிரீட் கலவை ஐம்பது வருஷம் தாங்கும்’னு ஸ்லைட்ல இருக்கே. சொல்லாமலா போயிடுவாங்க?"

மேடையில் அந்த அம்மா தொண்டையைச் செருமினார். "நான் அனுப்பின ஸ்லைடை மறந்துடுங்க. போன வாரச் சோதனையில, முப்பது வருஷக் கணக்குக்கே அந்தக் கலவை விரிசல் விட்டுடுச்சு."

ஒலிப்பதிவை ஒருமுறை ஓட்டிக் கேட்டேன். வார்த்தை மாறாமல் தட்டி, ‘கேள்வி பதில் 11.40, இரண்டாம் அரங்கு’ என்று சேர்த்து அனுப்பினேன்.

11.40க்கு இரண்டாம் அரங்கில் நிற்க இடமில்லை. அந்த அம்மா என் பதிவை வாசித்துக் காட்டி, "சொன்னதைச் சொன்னபடி போட்டது யாரு?" என்று கேட்டார். நான் கை தூக்கினேன். அரங்கே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது.

மேலாளர் என் காதருகே குனிந்தார். "மத்தியானத்துக்கு நான் போட்டு வச்ச நாலையும் அழிச்சிடும்மா."

"காலையிலேயே அழிச்சிட்டேன் சார்."