மந்திரிக்கு ஒட்டிய காது

மந்திரியைக் காணோம் என்றதும் வீடே தலைகீழானது. மந்திரி என்றால் பூனை. சாம்பல் உடம்பு, வெள்ளை மீசை, எவரையும் மதிக்காத நடை. அழுதழுது முகம் வீங்கிய நாத்தனார், போனில் இருந்த படத்தோடு அண்ணியின் ஸ்டூடியோவுக்குள் ஓடி வந்தாள்.

"அண்ணி, இதை வெச்சு போஸ்டர் அடிச்சுக் குடுங்க. மீசை ஒண்ணுகூட போயிடக் கூடாது."

படம் வில்லங்கமானது. பூனையும் சாம்பல், பின்னாலிருந்த சுவரும் சாம்பல். போதாக்குறைக்கு ஒரு பூந்தொட்டி, தலையைச் சுற்றி இலைகள். தானாக வெட்டித் தரும் பொத்தானை அண்ணி ஒரு தட்டு தட்டினாள். சுவரோடு சேர்ந்து பாதி மீசையும் வாலும் போய்விட்டன.

"என்ன அண்ணி, அவிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கான்!"

அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அசல் படத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். சுவர் மிச்சம் மீதி ஒட்டியிருந்தால் பளிச்சென்று தெரியட்டும் என்று படத்துக்கு அடியில் செக்கச்செவேலென ஒரு பின்னணி போட்டாள். பிறகு ஐந்து மடங்கு பெரிதாக்கினாள். அந்த அளவில் மீசை மீசையாகவா இருக்கிறது? சின்னச் சின்னச் சதுரங்களால் ஆன படிக்கட்டு. அழிப்பானை நுணுக்கி, மீசைக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. நீளமாக இழுக்கவே மாட்டாள். கை நழுவினால், அதை ரத்துசெய்து பின்வாங்கும்போது அந்த இழுப்பில் அழித்ததெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து உழைப்பு வீணாகும். குட்டிக் குட்டியாகத் தட்டினால் தப்பும் குட்டியாகவே இருக்கும். மீசை ஒவ்வொன்றாகச் சிவப்பில் எழும்ப எழும்ப, அவளுக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

வலது காதில்தான் சறுக்கினாள். நுனியில் ஒரு இலை. அதை அழித்ததும் அங்கே சிவப்பு எட்டிப் பார்த்தது, காது ஓரம் பிய்ந்தாற்போல. அளவுக்கு மீறி அழித்துவிட்டோமோ என்று ஒவ்வொரு தட்டாகப் பின்வாங்கினாள். இலைதான் வந்தது, காது வரவில்லை. சரி, இலை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிவுகட்டி, இடது காதின் முடியை நகலெடுத்துத் திருப்பி ஒட்டினாள். ஜோடிக் காது ஜம்மென்று நின்றது. அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்து சில மாதங்கள்தான். அவள் தலை தெரிந்தாலே கட்டிலடிக்கு ஓடும் மந்திரியின் காதை அவள் எங்கே கிட்டப் பார்த்தாள்?

திரும்பி வந்த நாத்தனார், போஸ்டரில் மீசையை மட்டும் தடவிப் பார்த்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் தெருத்தெருவாக ஒட்டிவிட்டு வந்தார்கள்.

மறுநாள் மதியம் பேக்கரிக்காரம்மாவிடமிருந்து போன். அண்ணிதான் எடுத்தாள்.

"அச்சு அசல் உங்க பூனை மாதிரியே ஒண்ணு இங்க இருக்கும்மா. ஆனா அது இல்ல. இதுக்கு வலது காது நுனி பிஞ்சிருக்கு. ஒரு லாரிக்காரர் ஊருக்குத் தூக்கிட்டுப் போறேங்கறார். வண்டிய எடுத்துட்டே இருக்கார். எதுக்கும் சொல்லிடலாம்னு..."

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்திலிருந்த நாத்தனாரிடம் திரும்பினாள். "மந்திரிக்கு வலது காது எப்படி இருக்கும்?"

"போன வாரம் சண்டைல நுனி பிஞ்சுபோச்சே. ஏன் அண்ணி?"

"செருப்பைப் போடு. ஓடு!"

ஓடினார்கள். பூனை கைநழுவிப் போனால் இந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அண்ணியின் கவலை.

பேக்கரி வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் மடியில் மந்திரி மகாராஜா மாதிரி பால் குடித்துக்கொண்டிருந்தான். அண்ணி கையை விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணே, அது எங்க பூனை!"

டிரைவர் சுவரிலிருந்த போஸ்டரைக் காட்டினார். "நல்லாப் பாருங்கம்மா. உங்களுதுக்கு ரெண்டு காதும் முழுசா இருக்கு."

"அந்தக் காதை ஒட்டுனது நான்தாண்ணே. மூளியா இருந்ததும் இலை மறைச்சிருக்குன்னு நெனச்சேன்." நாத்தனாரின் போனைப் பிடுங்கி, பழைய படத்தை விரலால் விரித்துக் காட்டினாள். இலை காதை மறைக்கவில்லை, காதுக்குப் பின்னால்தான் இருந்தது; காது நுனியில் பிறை வடிவில் ஒரு கடி, அதன் வழியாகத்தான் இலை தெரிந்தது. டிரைவர் படத்தைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். அதே கடி. வண்டியை அணைத்துவிட்டார்.

நாத்தனார் பூனையை வாரி எடுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகுதான் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். "மீசைல ஒரு முடி விடல. காதை மட்டும் தெச்சு விட்டுட்டீங்களே!" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணிக்கும்தான்.

டிரைவர் கீழே இறங்கி, சுவரிலிருந்த போஸ்டரை ஓரம் கிழியாமல் மெல்ல உரித்தார்.

"உங்களுத நீங்க கொண்டு போங்க," என்றார். "காது முழுசா இருக்கறவன் என்னோட வரட்டும்."