லாட் நூற்றுப்பதினேழு

எத்திராஜுக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் கொடுமை.

திருச்சானூர் கோயில் தெருவில் கிருஷ்ணம்மாவின் மருந்துக்கடை. கடைப் பலகையில் ஐந்து கிரைப் வாட்டர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எதிரே, சித்தூர் ஏஜென்சி முதலாளி நாராயணசாமி பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பக்கத்தில் நின்ற எத்திராஜ், அவருக்காக ஊர் ஊராகச் சுற்றிச் சரக்கு விற்கிறவன். இந்த மருந்தைக் குடித்து ஒரு கைக்குழந்தை இரண்டு நாள் வாந்தி எடுத்திருக்கிறது. பிழைத்துக்கொண்டது, சாமி புண்ணியம். உள்ளே இருந்தது சோடா உப்பும் வெல்லத் தண்ணியும்.

"கார்க்குல கம்பெனி முத்திரை இல்ல. எங்கம்மா வாங்கினே?"

"சைக்கிள்ல ஒர்த்தன் வந்தான் அண்ணா. திருத்தணி ஏஜெண்டு ஆளுன்னான். நம்ம சரக்கு தீந்து போச்சேன்னு ஆறு பாட்டில் வாங்கினேன். தப்புதான்."

ஆந்திர ராஜ்யம் பிறந்த நாளிலிருந்து திருத்தணி எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடையெல்லாம் ஒரே சண்டை. மருந்துக் கம்பெனிக்கு அந்தச் சண்டையே கிடையாது. எந்த லாட், அதாவது எந்த நம்பர் தயாரிப்பு, எந்த ஏஜெண்டுக்கு என்று பட்டியல் அச்சடித்து அனுப்பிவிடும். ஒருத்தர் எல்லைச் சரக்கு இன்னொருத்தர் கடையில் நின்றால் லேபிள் நம்பரே காட்டிக் கொடுத்துவிடும். நாராயணசாமி அந்தப் பட்டியலில் விரலை ஓட்டினார்.

"நூத்திப்பதினேழு. இது திருத்தணிக்குப் போனதே இல்ல. நம்ம லாட்டு."

பிறகு பையிலிருந்து ரிட்டர்ன் நோட்டை எடுத்தார். அதில் என்ன எழுதியிருக்கும் என்று எத்திராஜுக்குத் தெரியாதா? அவன் கையெழுத்துதானே!

கெட்டுப்போன சரக்கைத் திரும்ப எடுத்தால், கடைக்காரர் கண்ணெதிரிலேயே லேபிளைக் கிழித்துப் பாட்டிலை உடைக்கணும். இரண்டு பேரும் கையெழுத்துப் போடணும். லேபிளோடு காலி பாட்டில் வெளியே போனால் எவனாவது கண்டதை ஊற்றி விற்பான் என்றுதான் இந்த ஏற்பாடு. நோட்டில் இருந்தது: 'லாட் 117. இருபத்திநாலு பாட்டில். உடைத்தாயிற்று. எத்திராஜ். சாட்சி கிருஷ்ணம்மா.'

"உடைஞ்ச பாட்டில் எப்படிம்மா எழுந்து வந்துது?" என்றார் நாராயணசாமி. "நீயே எடுத்து வச்சுக்கினு நீயே ரொப்பி வித்தியா? இன்னியோட உனக்குச் சரக்கு கிடையாது. போலீசுக்கும் எழுதுவேன்."

புருஷன் போனபின் அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு. ஆனாலும் அவள் எத்திராஜ் பக்கம் திரும்பவே இல்லை.

நடந்தது இதுதான். சரக்கைத் திரும்ப எடுத்த அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவன் கல்லை எடுத்தபோது, அவனைப் பிரியமாக 'நைனா' என்று கூப்பிடுகிற கிருஷ்ணம்மா பதறிவிட்டாள். "வேணாம் நைனா! தாயார் கோயில் தெருவுல, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வாசல்ல கண்ணாடி உடைக்கறதா? ஓடைப்பக்கம் கொண்டுபோய் உடைச்சுடு. நான் கையெழுத்துப் போட்டுடறேன்." அவனும் தலையாட்டிக்கொண்டு மூட்டையைத் தூக்கினான். மருந்தை ஓடையில் கொட்டினான். அப்புறம் கல் தேட சோம்பல். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் காலி பாட்டில் வாங்குகிறவன் எதிர்ப்பட்டான். லேபிளோடு அப்படியே அவனிடம் விற்றுவிட்டான். எவ்வளவு கிடைத்தது தெரியுமா? இரண்டு தோசையும் ஒரு காப்பியும். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

கிருஷ்ணம்மா கடைக்குள் போய்க் கற்பூரம் கொண்டுவந்தாள். பலகைமேல் வைத்து ஏற்றினாள்.

"அண்ணா, இந்தப் புள்ள உடைச்சதை என் கண்ணால பாத்தேன். தாயார்மேல ஆணை." சுடர்மேல் கையை வைத்தாள். "இது வேற எங்கியோ இருந்து வந்துது. நைனாவைச் சந்தேகப்படாதே."

ஓடையில் உடைத்துவிட்டான் என்றே நம்புகிறாள். இடம் மாறிய ஒரு சின்னத் தப்புக்காக அவன் வேலை போகக்கூடாது என்றுதான் பார்த்ததாகச் சொல்கிறாள். பாவி, எனக்காகப் பொய்ச் சத்தியம்! எத்திராஜுக்கு அந்த நெருப்பு தன் முகத்திலேயே பட்டதுபோல் இருந்தது.

"அக்கா, கையை எடு!" என்று கத்திவிட்டான். "நான் உடைக்கவே இல்ல. வித்துட்டேன் முதலாளி. தோசை துன்ன வித்துட்டேன்."

நாராயணசாமி கம்பெனிக்குக் காட்ட ஒரு பாட்டிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அவனுடைய ஆர்டர் புத்தகத்துக்குக் கை நீட்டினார். அவன் கொடுத்தான்.

"அம்மா, உன் சரக்கு நாளைக்கு வரும். இனிமே நம்ம பில் இல்லாம ஒரு பாட்டில் வாங்காதே. மீதி நாலையும் இப்போ இவன் உடைக்கணும். நான் பாக்கறேன்."

எத்திராஜ் கல்லை எடுத்தான். வாசலைப் பார்த்ததும் கை நின்றது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

"இன்னிக்கு வேணாம் முதலாளி," என்றான். "அக்காவுக்கு ஆகாது."

கிருஷ்ணம்மா கற்பூரத்தை ஊதி அணைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், சத்தியம் பண்ணின அதே கையால் லேபிளைக் கிழித்து முதல் பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.

"உடை," என்றாள். 'நைனா' என்று சொல்லவில்லை.