நான்கு அழைப்புகள், ஒரு மௌனம்

ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஸ்ரீநிவாசன் வாயைத் திறக்கவில்லை.

கிருபா கணினித் திரையை முறைத்தாள். போன வாரம் திங்கட்கிழமை அவள் அனுப்பிய மீட்டிங் அழைப்பு அப்படியே கிடந்தது. வருகிறேன் என்று பச்சையும் இல்லை, வரமாட்டேன் என்று சிவப்பும் இல்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘பதில் இல்லை’ என்ற சாம்பல் நிற எழுத்து மட்டும்.

முடிச்சூரில் எலியேசர் நடத்தும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவள் விற்பனைப் பிரிவில் சேர்ந்து ஐந்தரை மாதம். ஆறாவது மாத முடிவில் வேலை நிரந்தரம், அல்லது வீடு. அதை எலியேசர் ஒளித்து வைக்கவில்லை. படப்பை தாண்டி இருக்கும் கார் கண்ணாடித் தொழிற்சாலையின் சப்ளையர் பட்டியலில் நம் பெயரை ஏற்றிவிடு, நிரந்தரக் கடிதத்தை அன்றைக்கே தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தப் பட்டியல் வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கும். இந்தச் சனிக்கிழமை மூடிவிடும். பெயர் ஏற வேண்டுமானால் கொள்முதல் மேலாளர் நேரில் உட்கார்ந்து பேசி, படிவத்தை அங்கீகரிக்க வேண்டும். அந்த மேலாளர்தான் ஸ்ரீநிவாசன்.

இன்று புதன்கிழமை. மதியம் இரண்டு மணி.

“அந்த ஆள் எங்கேயோ மறைஞ்சிருக்கான்,” என்றார் எலியேசர், ஜன்னல் வழியே முடிச்சூர் சாலையைப் பார்த்தபடி. லாரியில் அட்டை ஏறிக்கொண்டிருப்பதைக்கூட அவர் உளவு பார்க்கிறவர் மாதிரிதான் பார்ப்பார். “என்னென்ன செஞ்சோம், வரிசையாச் சொல்லும்மா.”

சொன்னாள். முதல் அழைப்பு, போன வியாழன் மதியம் இரண்டு மணிக்குச் சந்திக்கலாம் என்று. சாப்பிட்டு முடித்த மனிதர் சாந்தமாக இருப்பார் என்பது எலியேசரின் கணக்கு. பதில் இல்லை. ஒரு வாரம் பொறுத்து, இந்தத் திங்கட்கிழமை, அதே மெயிலின் தொடர்ச்சியாக நான்கே வரி. ‘பதில் என்னாச்சு’ என்று கேட்காமல், ஈரத்தில் நமுத்துப்போகாத பெட்டியின் மாதிரி தயார் என்ற புதுச் செய்தியைச் சொல்லி, இரண்டு நேரம் கொடுத்தாள். செவ்வாய் மூன்றரை, அல்லது புதன் பன்னிரண்டரை. இரண்டும் உங்களுக்குச் சரிப்படாவிட்டால் வேறு நேரம் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தாள். இரண்டு நேரமும் வந்தன, போயின. ஸ்ரீநிவாசன் அசையவில்லை.

எலியேசர் மேஜையைத் தட்டினார். அவருடைய எம்.டி.யைச் சேர்த்து ஒரு மெயில் போடு, ஆள் தானாக ஓடி வருவான் என்றார்.

கிருபா மறுத்துத் தலையை ஆட்டினாள். “அப்டிப் போட்டா பதில் வரும் சார். ஆர்டர் வராது. மேலதிகாரிகிட்ட மாட்டி விட்டவங்கன்னு நம்ம பேரை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.”

எலியேசர் யோசித்தார். சரி, வாட்ஸப் என்றார். மெயிலுக்குப் பதில் இல்லையென்றால் வழியை மாற்றுவது முறைதான். கிருபா சுருக்கமாக எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இருபது நிமிடம் கிடைக்குமா சார்?

ஒரு டிக். இரண்டு டிக். இரண்டும் நீலமாயின.

இருவரும் போன்மேல் குனிந்தார்கள். திரையில் ‘டைப்பிங்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. அதன்பிறகு ஒன்றுமில்லை. ஸ்ரீநிவாசனின் முகப்புப் படம் மட்டும் மாறியது. இதுவரை அவர் முகம் இருந்த இடத்தில் இப்போது பல்லைக் காட்டும் திருஷ்டிப் பூசணிக்காய்.

“இது மிரட்டல்,” என்றார் எலியேசர்.

மறுநாள் வியாழன் காலை கிருபா ஸ்கூட்டியை நேராகப் படப்பைக்கு விட்டாள். தொழிற்சாலை வாசலில் பத்தே முக்கால். உள்ளே இருப்பவர் ஒப்புக்கொண்டால்தான் பார்வையாளருக்குச் சீட்டு. செக்யூரிட்டி உள்ளே போன் போட்டார், அவள் பெயரையும் கம்பெனியையும் சொன்னார், அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார். எந்த மீட்டிங் என்று அவள் கேட்டாள். அது செக்யூரிட்டிக்கே தெரியவில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் கங்கையம்மாளின் டீக்கடை. தொழிற்சாலை மொத்தமும் அங்கேதான் டீ குடிக்கும். கிருபா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீயும் மூன்று சமோசாவும் தீர்த்தபின், ஸ்ரீநிவாசன் சாரைத் தெரியுமா என்று மெல்ல ஆரம்பித்தாள். அந்த மனிதர் யாரையும் மதிக்காதவரோ என்றும் கேட்டு வைத்தாள்.

“அவரா? தங்கமான மன்சன்மா,” என்றாள் கங்கையம்மாள், பாலை ஆற்றிக்கொண்டே. “இன்னா ஒண்ணு, நேரம் பாக்காம எதையும் தொட மாட்டாரு. ராவுகாலத்துல எங்க கடை டீயக்கூட வாங்க மாட்டாரு. கிளாஸ்ல ஊத்திக் குடுத்தாலும் கையில பிடிச்சிகினு நிப்பாரு, முடிஞ்சப்புறம்தான் வாயில வெப்பாரு. அதுக்குள்ள ஆறிப்பூடும்.”

கிருபா சமோசாத் தட்டைக் கீழே வைத்தாள்.

ராகுகாலம் என்று ஒன்று உண்டு என்பது அவளுக்கும் தெரியும். எந்தக் கிழமைக்கு எப்போது என்பது தெரியாது. அவள் வீட்டில் மாட்டியிருப்பது சர்ச்சில் தரும் சபைக் காலண்டர். ஆபீசிலும் அதே. தினம் ஒரு வசனம் இருக்கும், ராகுகாலம் இருக்காது. எலியேசருக்கும் அவளுக்கும் நாள் பார்ப்பது என்றால் அது ஞாயிறாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பாய்லருக்கு மேலே தினசரிக் காலண்டர் தொங்கியது. எழுந்து போய், அட்டையில் அச்சடித்திருந்த கட்டத்தை விரலால் தடவினாள்.

வியாழன், ஒன்றரை முதல் மூன்று. அவள் கேட்டது இரண்டு மணி.

செவ்வாய், மூன்று முதல் நாலரை. அவள் கேட்டது மூன்றரை.

புதன், பன்னிரண்டு முதல் ஒன்றரை. அவள் கேட்டது பன்னிரண்டரை.

கடைசியாக வெள்ளியைத் தேடினாள். பத்தரை முதல் பன்னிரண்டு. பதினொரு மணி அதற்குள் வசமாக உட்கார்ந்திருந்தது.

நாலுக்கு நாலு. வேண்டுமென்று உட்கார்ந்து குறித்தால்கூட இவ்வளவு துல்லியம் வராது.

“நல்ல நேரம் எப்போக்கா?” என்றாள்.

கங்கையம்மாள் இன்றைய தாளை எட்டிப் பார்த்தாள். பத்தே முக்காலிலிருந்து பதினொன்னே முக்கால் வரைக்கும் என்றாள். அடுத்த தாளைத் தூக்கி, நாளைக்கு ஒன்பதே காலிலிருந்து என்றாள். கிருபா மணியைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தெட்டு.

செய்தி நல்ல நேரத்திலேயே அவரைச் சேர வேண்டும். ஏழு நிமிடம்.

போனை எடுத்தாள். மன்னிப்புக் கேட்டு நீட்டி முழக்க நேரமில்லை. பழைய பதிலின்மையைக் குத்திக்காட்டவும் கூடாது. ‘சார், நேரம் பார்க்காமல் கேட்டுவிட்டேன். வெள்ளி காலை 9.15க்கு நல்ல நேரம். உங்களுக்கு வசதியா? இருபது நிமிடம் போதும். முடியாதென்றால் அதையும் சொல்லலாம், தவறாக நினைக்க மாட்டேன்.’ அனுப்பினாள். போகவில்லை. சிக்னல் ஒற்றைக் கோடு. பதினொன்று நாற்பத்தொன்று. பெஞ்சின் மேல் ஏறினாள். போகவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர், அந்த மூலையில்தான் எனக்குக் கிடைக்கும் என்று காலி பால் கூடைகளைக் காட்டினார். கூடைமேல் கூடை. அதன்மேல் கிருபா. கீழே கங்கையம்மாள் இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துக்கொண்டு, பல்லி மாதிரி ஒட்டிகினு நில்லும்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று நாற்பத்து நான்குக்கு ஒரு டிக் விழுந்தது. உடனே இரண்டு. உடனே நீலம்.

பத்து நாள் பேசாத மனிதர் இருபது நொடியில் பேசினார். ‘நாளை 9.15. கேட்டில் சொல்லி வைக்கிறேன்.’

வெள்ளி காலை ஸ்ரீநிவாசனின் அறைக்குள் கிருபா வலது காலை எடுத்து வைத்து நுழைந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். மேஜை மேல் நான்கு எலுமிச்சம்பழங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் அவளுடைய நான்கு நேரங்களும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றும் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தன. பழத்துக்கு ஒரு நேரம் என்று கணக்கு சரியாக இருந்தது.

ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவளை ஆராய்ந்தார். “ஒண்ணு வந்தா தற்செயல். ரெண்டாவது மெயில்ல ரெண்டு நேரம், ரெண்டும் அதுவே. எனக்கு வேர்த்துப் போச்சு. அப்புறம் வாட்ஸப்ல நாலாவது. யாரோ கணக்குப் போட்டு என்னைக் குறி வைக்கிறாங்கன்னு வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

“எங்க காலண்டர்ல அது போடறதில்ல சார்,” என்றாள் கிருபா. “வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“வேணாம்னு அழுத்தினா ஏன்னு கேப்பீங்க. ராகுகாலம்னு மெயில்ல எழுத முடியுமா? இங்க எல்லாத்தையும் ஆடிட்காரன் படிக்கிறான்.” குரலைத் தாழ்த்தினார். “வேற நேரம் நான் சொல்லலாம்னாலும், குறி வைக்கிறவங்களுக்கு நானே நேரம் குறிச்சுக் குடுக்கிறதா?”

அதற்குமேல் வேலை பேசினார்கள். மாதிரிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். மேலே ஏறி நின்று பார்த்தார். அவர் நல்ல கனம்; பெட்டி தாங்கியது. திருப்தி. படிவத்தைத் திரையில் திறந்தபோது மணி பத்து பதினெட்டு. அங்கீகரிக்கும் பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பத்து இருபத்தைந்து. ஸ்ரீநிவாசன் நெற்றியைத் துடைத்தார். பத்தரைக்குள் முடியவில்லையென்றால் ராகுகாலம் தொட்ட வேலையாகிவிடும், இன்றைக்கு மறுபடி தொடமாட்டேன், திங்கட்கிழமைதான் என்றார். பட்டியல் நாளை மூடுகிறதே சார் என்றாள் கிருபா. அது எனக்கும் தெரியும்மா என்றார் அவர், எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் இறுக்கிக்கொண்டு. கிருபா கண்ணை மூடி ஜெபித்தாள். இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த வழியில் கணினியைக் கெஞ்சினார்கள்.

பத்து இருபத்தெட்டுக்குத் திரை பச்சையானது.

பதினொன்று பத்துக்கு அவள் முடிச்சூர் ஆபீசில் நின்றாள். எலியேசர் முழுக்கதையையும் வாய் பிளந்து கேட்டார். பிறகு, சொன்ன வாக்குப்படி, நிரந்தரக் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஸ்ரீநிவாசனுக்கு இப்போதே நன்றி மெயில் அனுப்பிவிடு, சந்தித்த அன்றைக்கே அனுப்புவதுதான் முறை என்றார்.

“பன்னிரண்டு அஞ்சுக்குப் போகிற மாதிரி நேரம் குறிச்சிட்டேன் சார்,” என்றாள். “இப்போ நடக்கிறது ராகுகாலம்.”

“அது அவருக்கு. நமக்கென்ன? நீ கையெழுத்தைப் போடு.”

கிருபா சிரித்தபடி பேனாவைத் திறந்து கடிதத்தில் அழுத்தினாள்.

பேனா எழுதவில்லை.

எலியேசர் சுவரில் இருந்த சபைக் காலண்டரைப் பார்த்தார். அதில் வசனம் மட்டும்தான் இருந்தது. தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார், ஒரு தாளின் ஓரத்தில் இரண்டு முறை கிறுக்கிப் பார்த்துவிட்டு, அவளிடம் கொடுத்தார். அது எழுதியது.