நடுவில் நில்லாத நட்சத்திரம்

அண்ணிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளை அண்ணி என்று கூப்பிடும் உரிமை நாத்தனார் ஒருத்திக்குத்தான். ஆனால் அந்தக் குரல் பட்டறையிலிருந்து நாள் முழுக்கத் தெருவுக்குக் கேட்டதில், தெருவுக்கே அவள் அண்ணியாகிப் போனாள்.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஒரு சாணைச் சக்கரம், ஒரு மேஜை, ஒரு விளக்கு, இரண்டு முக்காலி. அங்கே நீலக்கல்லுக்குப் பட்டை போடுவதில்லை. கல்லை வழவழவென்று குவித்துத் தேய்ப்பார்கள். அந்தக் குவியலின் மேல் ஒற்றை வெளிச்சம் விழுந்தால் ஆறு கால் நட்சத்திரம் எழும்பி நிற்கும். எல்லா நீலக்கல்லிலும் வராது. கல்லுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஊசிகள் மூன்று திசையில் படுத்திருக்க வேண்டும். பட்டு நூல்கண்டைத் திருப்பினால் நூலுக்குக் குறுக்கே ஒரு பளபளப்பு ஓடுமே, அந்த மாதிரி ஒவ்வொரு திசை ஊசியும் தனக்குக் குறுக்கே ஒரு கோடு போடும். மூன்று கோடு ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டால் ஆறு கால். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் கல்லின் அடிப்பக்கம் அந்த ஊசிகளோடு சேர்ந்து மட்டமாகப் படுத்திருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் போச்சு, நட்சத்திரம் ஓரத்துக்குச் சறுக்கிவிடும்.

வேலை மூன்று கைக்குப் பிரிந்திருந்தது. முரட்டுக் கல்லின் அடியைத் தேய்த்து, அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விளக்கின் கீழே பார்ப்பாள் அண்ணி. சொட்டுக்கு நடுவில் நட்சத்திரம் தெரியும்வரை தேய்ப்பாள். அப்புறம் அடியில், இடது பக்கமாக, நினைவுக்கு ஒரு சின்னக் கீறல். பிறகு நாத்தனார் அந்த அடியை அரக்கில் சூடுகாட்டிக் குச்சியில் நேராக ஒட்டித் தருவாள். குச்சியைப் பிடித்துக் குவியலைத் தேய்ப்பதும் அண்ணிதான். மெருகு போடுவது அடுத்த தெரு ஆள். அங்கிருந்தே வியாபாரி கல்லை எடுத்துப் போய்விடுவார்.

அந்த வியாபாரிதான் மூன்று கல்லைத் திருப்பிக்கொண்டு வந்தார். மேஜையில் வைத்து, கல்லுக்கு நேர் மேலே கைபேசி டார்ச்சைப் பிடித்தார்.

"பாருங்க அண்ணி. நிறம் நல்லா இருக்கு. ஆறு காலும் உடையாம, வளையாம, ஓரம்வரைக்கும் ஓடுது. கண்ணாடி மாதிரி வெளுத்தும் போகல, பால் மாதிரி மங்கியும் போகல. எல்லாம் இருந்து என்ன, நட்சத்திரம் ஒரு ஓரமா உக்காந்திருக்கே!"

மூன்றிலும் அப்படித்தான். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "என் மேஜையில நடுவுலதான் இருந்தது" என்றாள். அது பொய்யில்லை. அப்படியானால் தப்பு எங்கே நடந்திருக்கும்? ஒட்டுகிற இடத்தில்தான். அரக்கு ஆறும்போது குச்சி சாய்ந்திருக்கும். குச்சி கோணினால் குவியலும் கோணும்.

"ஏன்டி, உன் கை என்ன கோணிப் போச்சா?"

"நான் நேராத்தான் ஒட்டினேன் அண்ணி. நீங்க கண்ணு கூசுதுன்னு விளக்கை..."

"விளக்கு மேல பழி போடாத! செஞ்ச தப்ப ஒத்துக்கத் துப்பில்ல!"

வியாபாரி எதிரிலேயே சொன்னாள். நாத்தனார் அரக்குக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனவள் போனவள்தான். வியாபாரிக்கு வாய் சும்மா இருக்குமா? இரண்டே நாளில் அந்தப் பெண்ணின் கை கோணல் என்று எல்லாப் பட்டறைக்கும் தெரிந்துவிட்டது. வேலை கேட்டுப் போன இரண்டு இடத்திலும் கையை விரித்தார்கள்.

பதினோராம் நாள் வியாபாரி ஒரு பெரிய முரட்டுக் கல் கொண்டுவந்தார். "இது போனா இன்னொண்ணு கிடைக்காது. நீங்களே ஒட்டுங்க" என்றார்.

அண்ணி தானே ஒட்டினாள். குச்சி நேராக இருக்கிறதா என்று நான்கு பக்கமும் பார்த்துப் பார்த்து ஒட்டினாள். குவியல் பாதிக்கு மேல் வந்த நேரத்தில் மின்சாரம் போனது. சாணை முனகி நின்றது. நல்ல உச்சி வெயில். சும்மா இருக்கப் பிடிக்காமல் கல்லில் எண்ணெய் தடவி, கொல்லைக்குப் போய், குச்சியை நெட்டுக்குத்தலாகப் பிடித்து மேலிருந்து பார்த்தாள்.

நட்சத்திரம் ஓரத்தில் இருந்தது.

கையை ஆட்டிப் பார்த்தாள், சூரியனைத் திட்டினாள், மறுபடி பார்த்தாள். ஓரத்தில்தான் இருந்தது. உள்ளே ஓடி, திருப்பி அனுப்பிய மூன்று கல்லையும் கொண்டுவந்து வெயிலில் வரிசையாக வைத்தாள். அடியைப் புரட்டிக் கீறலைத் தேடினாள். மூன்றிலும் நட்சத்திரம் கீறல் இருந்த பக்கமே நகர்ந்திருந்தது. குச்சியில் இருந்ததற்குக் கீறல் எந்தப் பக்கம் என்று ஒட்டின அவளுக்கே தெரியும், அதிலும் அப்படியே. கை தவறினால் ஆளுக்கொரு பக்கம் தவறும். நாலும் ஒரே பக்கம், ஒரே அளவு, அதுவும் ஒட்டியது இரண்டு வேறு கைகள்.

அண்ணி பட்டறை வாசலில் நின்று விளக்கைப் பார்த்தாள். போன மாதம் புது மூக்குக்கண்ணாடி போட்டதும், கூசுகிறது என்று அதன் கழுத்தை இடது பக்கம் ஒரு முழம் தள்ளி வைத்திருந்தாள். நட்சத்திரம் வெளிச்சம் இருக்கும் பக்கமாக நகர்ந்து வரும் என்பது தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்த விஷயம். இடது வெளிச்சத்தில் அதை நடுவுக்குக் கொண்டுவர, கல்லின் அடியையே சாய்த்துத் தேய்த்திருக்கிறாள். நாலு கல்லிலும். தலை குனிய வைக்கிற வெட்கம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. நேரே நாத்தனாரைத் தேடிப் போனாள்.

நாத்தனார் வீடு மாடியில். கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொல்லவில்லை.

"தப்பு என்னோடது" என்றாள் அண்ணி. "விளக்கு."

"அன்னைக்கே சொன்னேன்."

"சொன்ன. நான்தான் வாயை அடைச்சேன்."

"என்கிட்ட வந்து சொல்றீங்க அண்ணி. தெரு முழுக்க வேற மாதிரியில்ல தெரிஞ்சிருக்கு?"

அண்ணி அங்கேயே, படியில் நின்றபடியே, வியாபாரிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"கோணல் என் கண்ணு. என் நாத்தனார் கையில ஒரு குறையும் இல்ல. நாலு கல்லையும் கெடுத்தது நான்."

"பெரிய கல்லு போச்சா?" என்று கேட்டார் வியாபாரி.

"போகல. இன்னும் சதை இருக்கு. அடியைத் திருப்பித் தேய்ச்சா கொஞ்சம் எடை குறையும்."

"சரி. மத்த பட்டறைக்கும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் சொன்னா எனக்கு அசிங்கம்."

"இப்பவே போறேன்" என்றாள் அண்ணி. நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். இரண்டு பட்டறை வாசலிலும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அண்ணி சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

திரும்பி வரும்போது மின்சாரம் வந்திருந்தது. விளக்கு இடது பக்கம் சாய்ந்தபடியே எரிந்துகொண்டிருந்தது. நாத்தனார் அதைத் தொடவில்லை.

"நீங்களே நகர்த்துங்க."

அண்ணி கழுத்தைப் பிடித்து நேர் மேலே இழுத்தாள். அரக்கைச் சூடுகாட்டிக் கல்லைக் கழற்றி, அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சொட்டுவிட்டுப் பார்த்தாள். மூன்றாம் தடவை ஆறு காலும் சொட்டுக்கு நட்டநடுவில் வந்து நின்றன. நாத்தனாரிடம் நீட்டினாள். அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"சரியா இருக்கு. உங்களுக்குக் கண்ணு கூசுதா?"

"கூசுது."

"கூசட்டும்" என்று சொல்லி, முக்காலியை இழுத்துப் போட்டு, நாத்தனார் அரக்கை அடுப்பில் வைத்தாள்.