மைனஸ் நாற்பது மீசை

கணக்குத் தாளின்படி கிடங்கில் மைனஸ் நாற்பது மீசைகள் இருந்தன.

பெரிய மாப்பிள்ளை அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கிடங்கில் மீசை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லாமைக்கும் கீழே இறங்கி இன்னும் நாற்பது மீசை குறைவது எப்படி என்று யோசிக்க யோசிக்க, தன் சொந்த மீசையையே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது இருந்தது.

அவருக்கு எதிரே, தட்டு நிறைய மீசைப் பாக்கெட்டுகள். பிரிக்காதவை நாற்பத்திரண்டு, பாக்கெட்டுக்கு ஒரு டஜன். பிரித்த பாக்கெட்டில் ஆறு. ஆக ஐந்நூற்றுப் பத்து மீசைகள், கட்டை, நுனி முறுக்கியது, தொங்குவது என்று ரகவாரியாக, மூச்சு விடாமல் படுத்திருந்தன.

மாமனாரின் கடை வேஷச் சாமான் கடை. மீசை, டோப்பா, முகமூடி, ஊதல் எல்லாம் விற்பனைக்கு. கரடி, சிங்கம், முயல் உடைகள் வாடகைக்கு. பள்ளிக்கூட நாடகக்காரர்களும் பிறந்தநாள் விழா நடத்துகிறவர்களும் முன்பக்கம் கவுண்டரில் வந்து நிற்பார்கள். அங்கே வருகிற ஒவ்வொருவரும் ஊதலை ஊதிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பின்பக்கம் கிடங்கு. அதன் சாவி பெரிய மாப்பிள்ளையின் இடுப்பில். நாள் முழுக்க எந்த முகமூடியும் அவரிடம் நலம் விசாரித்ததில்லை. உலகத்தில் அவருக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான்.

கணக்குத் தாள் சின்ன மாப்பிள்ளையின் பொறுப்பு. ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தட்டச்சு செய்வதைவிட அதிகமாகப் பேசுகிற மனிதர். இரண்டு பேரும் சகலைகள். மாமனாருக்கு இரண்டு பெண்கள்தான், இரண்டு மாப்பிள்ளைகள்தான், ஒரே கடைதான்.

அன்று காலை வருடாந்தர இருப்புச் சரிபார்ப்பு. மீசை விஷயம் தெரிந்ததும் மாமனார் கிடங்குக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளைகளை நேருக்கு நேர் திட்டுவது அவர் வழக்கத்தில் இல்லை. பெண் கொடுத்த இடத்தில் வாய் விடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆகவே அவர் பக்கத்தில் நின்ற ஏணியைப் பார்த்துத் திட்டினார்.

"நாப்பது வருஷமா கடை நடத்துறேன். சரக்கு குறைஞ்சு பார்த்திருக்கேன். எலி தின்னும், ஆள் தூக்குவான். கூடுதலா இருந்து நான் பார்த்ததில்ல." ஏணியை ஒரு தட்டுத் தட்டினார். "சரக்கு கூடுதலா இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்? யாரோ நம்ம கிடங்குல தன் சரக்கை வச்சு வியாபாரம் பண்றாங்கன்னு அர்த்தம்."

ஏணி பதில் சொல்லவில்லை. பெரிய மாப்பிள்ளையும் சொல்லவில்லை.

"மாமா, நான் எதுவும் சொல்லல," என்று சொல்லிவிட்டுச் சொல்லத் தொடங்கினார் சின்ன மாப்பிள்ளை. "அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல. ஆனா கரடியையும் பாருங்க. தாள்ல கையிருப்பு ரெண்டு கரடி. மூணு கரடி நாடக வாத்தியார்கிட்ட வாடகைக்குப் போயிருக்கு. ஆனா ஆணியில அஞ்சு கரடி தொங்குது. அந்த மூணு யாரோட கரடி?"

"வாத்தியார் திருப்பிக் கொடுத்திருப்பாரு," என்றார் பெரிய மாப்பிள்ளை. அன்றைய நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"திருப்பிக் கொடுத்தா வரவு சீட்டு வந்திருக்கணும்ல, அண்ணே. சீட்டு எங்க? நான் வாரா வாரம் போன் பண்ணி, கரடி எங்கய்யா, கரடி எங்கய்யான்னு கேக்குறேன். கொடுத்தாச்சு கொடுத்தாச்சுங்குறாரு. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இப்போ என் நம்பரையே எடுக்கிறதில்ல."

மாமனார் எழுந்தார். "சாயங்காலம் கடை சாத்துறதுக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா," இதையும் ஏணியிடமே சொன்னார், "சாவி சின்னவர்கிட்ட போகும். பெரியவர் கவுண்டர்ல உட்காரட்டும். நாலு பேர்கிட்ட பேசிப் பழகின மாதிரியும் இருக்கும்."

பெரிய மாப்பிள்ளையின் காதுக்குள் நூறு ஊதல்கள் ஒன்றாக ஊதின.

மாமனார் போன பிறகு அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். தாளில் மைனஸ் நாற்பது. தட்டில் ஐந்நூற்றுப் பத்து. வித்தியாசம் ஐந்நூற்றைம்பது. திருட்டு நடந்தால் கணக்கு இப்படி அழகாக இருக்காது. யாராவது கள்ளச் சரக்கைக் கொண்டுவந்து வைத்தாலும் ஏதோ ஒரு ஒழுங்கற்ற எண்ணாகத்தான் வரும். இந்த எண்ணில் ஏதோ ஒரு மிடுக்கு இருந்தது. அதை ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்தார். பன்னிரண்டால் வகுபடவில்லை. பதினொன்றால் வகுத்தார். மீதி இல்லாமல் ஐம்பது வந்தது.

அவர் மெல்லத் தலையாட்டினார். ஒரு டஜன் மீசையை ஒன்று என்று எழுதினால், ஒவ்வொரு டஜனிலும் பதினொரு மீசை தாளிலிருந்து காணாமல் போகும். ஐம்பது டஜன் வந்திருந்தால் ஐம்பது பதினொன்று.

ஆபீஸ் அறைக்குப் போய் மீசைச் சரக்கு அனுப்பியவரின் பில்லைக் கேட்டார்.

"எதுக்கு அண்ணே?"

"காட்டு தம்பி."

பில்லில் இருந்தது: மீசை, கலந்த ரகம், ஐம்பது டஜன். தாளின் வரவில் இருந்தது: ஐம்பது. செலவில் இருந்தது: தொண்ணூறு. விற்றது மட்டும் ஒவ்வொன்றாக எண்ணி எழுதப்பட்டிருந்தது.

"ஐம்பது வந்துச்சு, தொண்ணூறு வித்துச்சு," என்றார் பெரிய மாப்பிள்ளை. "உனக்கு சந்தேகமே வரலியா?"

சின்ன மாப்பிள்ளை கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். இப்படி அவர் வாய் மூடியிருந்து பெரிய மாப்பிள்ளை பார்த்ததே இல்லை. அது அவ்வளவு நன்றாக இருந்ததால் குறுக்கிடாமல் ரசித்தார்.

"நம்ம கடையில வியாபாரம் நல்லா நடக்குதுன்னு நெனச்சேன் அண்ணே," என்றார் சின்ன மாப்பிள்ளை கடைசியில்.

மீசை முடிந்தது. இனி கரடி. மூன்று என்பது பதினொன்றால் வகுபடாது. ஆகவே கரடிக்கு வேறு காரணம்.

ஐந்து கரடிகளும் ஒரே அச்சு. அவர் ஒவ்வொன்றாக ஆணியிலிருந்து இறக்கினார். முதல் இரண்டும் பிளாஸ்டிக் உறைக்குள் மூடியபடி, பூச்சி உருண்டை வாசனையோடு இருந்தன. மற்ற மூன்றுக்கும் உறை இல்லை. ஒன்றின் தலையைத் தூக்கி மோந்து பார்த்தார். பிறகு தள்ளிப் போய் நின்று மூச்சு வாங்கினார். கிடங்கை விட்டு வெளியே போகாத கரடிக்கு இப்படி வேர்க்காது. ஒரு கரடியின் பாதத்துக்குள் மிட்டாய்க் காகிதம். இன்னொன்றின் கழுத்துக்குள் மடித்துச் செருகிய துண்டுச் சீட்டு: "இளவரசி அழுததும் உறுமவும். அதற்கு முன் உறுமாதே."

வாத்தியாரின் கையெழுத்து. ஆக, கரடிகள் நாடகத்தில் நடித்துவிட்டுத்தான் திரும்பியிருந்தன.

பெரிய மாப்பிள்ளைக்குப் போன் பேசுவது பல் பிடுங்குவது மாதிரி. இருந்தாலும் பேசினார்.

"நீங்களா," என்றார் வாத்தியார். "உங்க சகலைகிட்ட சொல்லிச் சொல்லி என் தொண்டை போச்சு. பின்கதவுல உங்ககிட்டதானே சார் கொடுத்தேன்."

"என்கிட்டயா?"

"ஆமா. கரடி மூணும் சரியா இருக்கு, பார்த்துக்குங்கன்னேன். நீங்க தலையாட்டினீங்க. சீட்டு ஏதும் எழுதணுமான்னு கேட்டேன். அதுக்கும் தலையாட்டினீங்க. அதுக்கப்புறம் கதவைச் சாத்திட்டீங்க. நான் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிட்டேன்."

பெரிய மாப்பிள்ளை போனை வைத்தார். நினைவு வந்துவிட்டது. வாத்தியார் நாடகக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தார். இளவரசி காட்டுக்குள் நுழைந்த இடத்தில் இவர் கதவைச் சாத்தியிருந்தார். வரவு சீட்டு எழுத வேண்டுமென்றால் யார், எது, எத்தனை, என்ன நிலையில் என்று நான்கு கேள்வி கேட்க வேண்டும். நான்கு கேள்விக்கு நாடகக்காரன் நாற்பது பதில் சொல்வான். அதனால்தான் அவர் கரடிகளை நேரே ஆணியில் மாட்டினார்.

சரக்கு வந்துவிட்டது, சீட்டு வரவில்லை. தாளுக்கு எப்படித் தெரியும்?

கடை சாத்துகிற நேரம் மாமனார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சின்ன மாப்பிள்ளை முகம் வெளுத்து நின்றார். டஜன் விவரத்தை மட்டும் சொன்னால் போதும் என்று பெரிய மாப்பிள்ளைக்குத் தோன்றியது. கரடிக்கு, வாத்தியார் தெரியாமல் வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று விட்டுவிடலாம். மாமனார் நம்புவார். சாவி இடுப்பிலேயே இருக்கும். ஆனால் அப்படி விட்டால் பழி வாத்தியார் தலையில் விழும்.

"மீசை, டஜன் கணக்குல வந்ததை ஒத்தைக் கணக்குல ஏத்தினதால," என்றார். "கரடி, என் தப்பு மாமா. வாத்தியார் கொடுத்தாரு. நான் சீட்டு எழுதல."

"ஏன் எழுதல மாப்பிள்ளை?" மாமனார் முதல் தடவையாக ஏணியை விட்டு அவரைப் பார்த்தார்.

"பேசணுமே மாமா."

மாமனார் ஐந்து கரடிகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஏணி பக்கம் திரும்பினார்.

"ஒருத்தர் பேச வேண்டிய இடத்துல வாயைத் திறக்கல. இன்னொருத்தர் எண்ண வேண்டிய இடத்துல வாயை மூடல. இந்த ரெண்டையும் கட்டிப்போட்டு ஒரு ஆள் பண்ண முடிஞ்சா எனக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை கிடைச்சிருப்பான்." எழுந்து வேட்டியை உதறினார். "சாவி பெரியவர்கிட்டயே இருக்கட்டும். சின்னவரோட மேஜையும் கம்ப்யூட்டரும் நாளைக்குக் காலையில கிடங்குக்குள்ள வரட்டும். சரக்கு உள்ள வரும்போதே ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்து ஏத்துங்க."

மறுநாள் மேஜை வந்தது. ஊதல்கள் இருந்த தட்டுக்கும் டோப்பாக்களுக்கும் நடுவில் அதைப் போட்டார்கள். சின்ன மாப்பிள்ளை காலையிலிருந்து தன் முழங்கால் வலி, மைத்துனியின் சமையல் (மைத்துனி என்றால் பெரிய மாப்பிள்ளையின் மனைவிதான்), எலிகளின் ஆயுள் என்று பேசிக்கொண்டிருந்தார்.

பின்கதவு தட்டப்பட்டது. பூ வேலைப்பாட்டுக் கைப்பையோடு ஒரு அம்மாள். "ஊதல் திருப்பிக் கொடுக்கலாமா? பிறந்தநாளுக்கு வாங்கினது. வீட்டுக்காரர் மூணாவது ஊதல்லயே போதும்னுட்டார்."

பெரிய மாப்பிள்ளையின் கழுத்து தன்னால் தலையாட்டத் தொடங்கியது. பிடித்து நிறுத்தினார். சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"என்ன சரக்கு?"

"ஊதல்னு சொன்னேனே."

"எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டு ஊதலா, ரெண்டு டஜனா?"

"ரெண்டு பாக்கெட்டுங்க. ஒவ்வொண்ணுலயும் பத்து. ஒண்ணுல மட்டும் ஒன்பது. அது எப்படின்னா, எங்க சின்னவன் இருக்கான் பாருங்க, அவன் ஒரு நாள்..."

பாக்கெட்டுக்குப் பத்து. டஜன் இல்லை. பெரிய மாப்பிள்ளை பத்தொன்பது என்று எழுதி, பக்கத்தில் 'ஒற்றை' என்று அடிக்கோடிட்டார். மேஜைக்குப் பின்னாலிருந்து சின்ன மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்து எண்ணினார். பத்தொன்பதுதான்.

அந்த அம்மாள் சின்னவனின் கதையை நிறுத்தி இருவரையும் பார்த்தார். "சொல்லட்டுமா, வேணாமா?"

பெரிய மாப்பிள்ளை அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சொல்லுங்கம்மா," என்றார். "என்ன நிலையில இருக்குன்னு சீட்டுல ஒரு கட்டம் பாக்கியிருக்கு."