நாலு மணி ஷிப்ட்

கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் ஆறு மாதமாக அதை நம்பித்தான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆட்களுக்கு ஷிப்ட் போட்டேன். கடைசியில் பாய்லர்காரர் வந்து மேசையைத் தட்டினார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து பாய்லரைப் பத்த வைக்கிறேன். ராத்திரி நேரம் பூஜ்யம்னு வருது. அப்ப நான் பகல் ஆளா? ராத்திரி ஆளுங்களுக்குக் குடுக்கிற ஓய்வு நாள் எனக்கு எங்க?"

நியாயமான சண்டை. எங்கள் கணக்கில் இரவு என்பது பத்து மணி முதல் மறுநாள் காலை ஆறு வரை. அவர் வேலை இரண்டிலிருந்து பத்து வரை, அதில் நாலு மணி நேரம் இரவுக்குள் வருகிறது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டுகளைக் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒழுங்காகத்தான் எண்ணியது. நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கியவற்றை, முடியும் நேரம் இரவு பத்துக்கு முந்தி இருக்கிறதே என்று பகலில் தள்ளிவிட்டது. அவரிடம் திருத்திவிடுகிறேன் என்றேன். சொல்லும்போதே என் கண் பட்டியலில் இன்னொரு பெயரைத் தேடியது.

என் தங்கைக்கும் இதே சலவைக்கூடத்தில்தான் வேலை, நாலு மணி ஷிப்ட். நாலிலிருந்து மத்தியானம் பன்னிரண்டு. அவளுக்கு வலிப்பு உண்டு. ஒரு ஷிப்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இரவு நேரம் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பூஜ்யம் என்று வந்ததால் சம்மதித்தேன். நாலு மணியை விடியற்காலை என்றுதானே நாம் சொல்கிறோம்? உண்மையில் அது தினமும் இரண்டு மணி நேரம்.

விரிப்பு மடிக்கும் அறையில் இருந்தாள். சொன்னேன்.

"எனக்குத் தெரியும்ணா," என்றாள்.

"தெரியுமா?"

"விரல் விட்டு எண்ண எனக்கும் வரும். இதை விட்டா மத்தியான ஷிப்ட்தான். பன்னெண்டுல இருந்து எட்டு. காலைல புள்ள தானா எழுந்து வேன்ல ஏறிடும். ஒரு மணிக்கு ஸ்கூல் விட்டு வந்தா, கதவைத் தொறக்க யார் இருக்கா? அவங்கப்பனா வரப்போறான்?"

"உங்க அண்ணி பாத்துப்பா."

"அண்ணி பாத்துப்பாங்க. சோத்தோட குத்தல் பேச்சும் சேத்துக் குடுப்பாங்க. அதை என் புள்ள முழுங்கணுமா? பாய்லர்காரருக்கு மட்டும் கையால எழுதிக் குடுத்துடேன். கம்ப்யூட்டரைத் தொடாதண்ணா."

எனக்கும் அதே குறுக்குப்புத்திதான் தோன்றியிருந்தது. அதனால்தான் அடுத்த கேள்வியைக் கேட்கவே பயந்தேன்.

"இங்க எப்பவாவது விழுந்தியா?"

மடித்த விரிப்பைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"ரெண்டு தடவை. ரோலர் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்தான். கூட இருந்தவங்க தாங்கிட்டாங்க."

விரிப்பைத் தேய்க்கும் ரோலர் நாலடி தூரத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. விரிப்பை இழுப்பதுபோல் கையையும் இழுத்துக்கொள்ளும் இயந்திரம் அது. எனக்குக் கோபம். அழுதிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மேலே போய்ப் புரோகிராம்காரரை அழைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து திருத்த வைத்தேன். பாய்லர்காரருக்கு நாலு வந்தது. அவளுக்கு இரண்டு வந்தது, வரம்பு மீறியதாகச் சிவப்பில்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு மத்தியான ஷிப்டுக்கு வந்தாள். "புள்ள எங்கம்மா?" என்று கேட்டேன்.

வருகைப் பதிவில் விரலை வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"பக்கத்து வீட்டுல விட்டிருக்கேன், சார்."