பன்னிரண்டாவது ஆள்

மடுமாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாள், பட்டப்பகலில் அன்ரோனெற் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். எதிரே சனசமூக நிலையத்தில் வீடமைப்புச் சங்கத்தின் விசேட பொதுக்கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. அவள் அங்கே போகாமல் இருந்தால்தான் அவளுடைய வீடு தப்பும்.

கணக்கு லேசானது. தாராபுரத்துக்குக் கிட்ட அந்தக் குடியிருப்பில் பதினெட்டு வீடு, பதினெட்டு அங்கத்தவர். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்த பழைய வரிசை வீடுகளை இடித்துவிட்டுத் தொடர்மாடி கட்டுவதென்று முடிவெடுக்க, மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது பன்னிரண்டு பேர், நேரில் வந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் தலையாட்டுவது செல்லாது. தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்புவதும் செல்லாது. வந்தவர்களில் நாலில் மூன்று பங்கு கையுயர்த்தினால் தீர்மானம் நிறைவேறும். சங்கத்தின் துணைவிதி அப்படி. கனடாவிலும் லண்டனிலும் சிதறிக் கிடக்கிற அங்கத்தவர்களோ மடுமாதாவின் புண்ணியத்தில் ஓகஸ்டில் மட்டும் ஊரில் தலைகாட்டுபவர்கள். இன்றைக்குத் தவறினால் அடுத்த ஓகஸ்ட்தான்.

அவர்களின் வீட்டுப் பூட்டுகளின் திறப்புகள் எல்லாம் அன்ரோனெற்றிடம்தான் இருந்தன. கடற்கரைப் பக்கத்து வரிசையில் அவள் ஒருத்திதான் குடியிருந்தாள். புருஷன் பஸ்ரியன் கண்மூடியபிறகு, பூட்டிக் கிடந்த வீடுகளின் முற்றத்தைக் கூட்டுவதும், சுவரில் முதுகு தேய்க்க வரும் கழுதைகளைத் துரத்துவதும்தான் அவளுக்குப் பொழுது. ஆட்கள் ஊருக்கு வந்தால் திறப்பு வாங்க முதலில் அவளிடம் வரவேண்டும். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அவள் வருசம் முழுக்கக் காத்திருந்தாள்.

"பதினொரு பேர்தான் நிக்கிறம்," என்று செயலாளர் மில்ரன் அங்கலாய்ப்பது கேட்டது. "இன்னும் ஒராள் வேணும். அன்ரோனெற் அக்கா எங்கை?"

அவள் மூச்சுக் காட்டவில்லை. வெளியே ஒரே சிரிப்பும் கூத்தும். எத்தனை நாளைக்குப் பிறகு இந்த முற்றத்தில் இத்தனை குரல்! பிறகு கதவில் தட்டினார்கள்.

"அன்ரோனெற் அக்கா! நான் றஞ்சிதா. உள்ளுக்கைதானே இருக்கிறியள்? ரொறன்ரோவிலை இருந்து வந்து ஒரு கிழமை, உங்களோடை ஆறுதலா இருந்து கதைக்கவே இல்லை. வாங்கோ, எனக்குப் பக்கத்திலை கதிரை போட்டிருக்கிறன்."

விசர் மனிசி. எல்லாம் தெரிந்துகொண்டும் அன்ரோனெற் போய்க் கதவைத் திறந்தாள்.

வரவுப் புத்தகத்தில் அவள் கையெழுத்து வைத்ததும், கூட்டுறவுத் திணைக்களத்திலிருந்து பார்வையாளராக வந்திருந்த பிரசாந்தன் எண்ணிப் பார்த்தார். "பன்னிரண்டு. ஆள்தொகை சரி, தொடங்கலாம்."

மில்ரன் கட்டடக் கம்பனியின் திட்டத்தை வாசித்தான். தீர்மானத்தை முன்மொழிந்தவள் றஞ்சிதாதான். முன்மொழியும்போதும் அவளுடைய ஒரு கை அன்ரோனெற்றின் தோளிலேயே இருந்தது. அந்தக் கையின் சூடு அன்ரோனெற்றுக்கு நல்லாயிருந்தது, அதுதான் கொடுமை. பின் வரிசை வீட்டுக்காரர் ஒருவர் வழிமொழிந்தார். பதினொரு கைகள் உயர்ந்தன.

"வழமை மாதிரி, ஏகமனதா எண்டு எழுதுறன்," என்றான் மில்ரன். அந்தச் சங்கத்தில் இதுவரை எதுவும் வேறு மாதிரி எழுதப்பட்டதில்லை.

"எழுதாதை," என்று அன்ரோனெற் கையை உயர்த்தினாள். "நான் சம்மதிக்கேல்லை."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். றஞ்சிதாவின் கை தோளிலிருந்து இறங்கியது.

"அப்ப ஏகமனதா எண்டு போடேலாது," என்றார் பிரசாந்தன். "பேரோடை ஆட்சேபனையைப் பதியவேணும். காரணம் சொல்லுங்கோ அம்மா."

"வீட்டை இடிச்சா, திறப்புக் கேட்டு ஆர் என்னட்டை வரப்போகினம்?"

"அக்கா, உங்களுக்கும் புது வீடு தருவினம்," மில்ரன் தணிவாகச் சொன்னான். "கட்டி முடியும்வரைக்கும் வாடகையும் தருவினம்."

"வீடு வரும். ஆக்கள் வருவினமோ?"

புது வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்றுதான் வந்திருந்தவர்கள் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

மில்ரன் கூட்டறிக்கையில் எழுதியதை வாசித்தான்: 'ஆதரவு பதினொன்று. எதிர்ப்பு ஒன்று, திருமதி அன்ரோனெற் பஸ்ரியன், தனிப்பட்ட காரணம். தீர்மானம் நிறைவேறியது.' பதினொரு பேரும் சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட்டார்கள். எதிர்த்தவர் ஒப்பமிடத் தேவையில்லை, ஆனால் தீர்மானம் அவரையும் கட்டுப்படுத்தும் என்றார் பிரசாந்தன்.

பற்றீசும் தேத்தண்ணியும் முடிந்ததும் ஆட்களை ஏற்ற வான் வண்டிகள் வரத் தொடங்கின. றஞ்சிதா தூரத்தில் நின்றே கையசைத்துவிட்டு ஏறினாள். வெயில் சாயுமுன் முற்றம் வெறிச்சோடியது.

பிரசாந்தன் கூட்டறிக்கையின் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். "அம்மா, நீங்கள் வராமல் விட்டிருந்தா இண்டைக்குக் கூட்டமே நடந்திராது. தெரியாதோ?"

"தெரியும் தம்பி. அதுக்குத்தான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தனான்."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"அவள் வந்து தட்டிக் கூப்பிட்டவளெல்லே," என்றாள் அன்ரோனெற். "திறப்புக் கேக்காமல், என்னையே வா எண்டு ஒருத்தரும் இத்தனை வருசத்திலை கூப்பிட்டதில்லை."